டாக்ரோ லெவல்: அந்த எண் எந்த மணியின் எண்?

பாபநாசம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பதினைந்து வருஷமாக நிற்கிறேன். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை வாங்க வருபவர்களை அவர்கள் சீட்டை நீட்டுவதற்கு முன்பே அடையாளம் தெரிந்துவிடும். முகக்கவசம் இருக்கும். பையில் ஒரு நோட்டு இருக்கும். அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பார்கள். அப்படி நோட்டு வைத்திருக்கிற ஒருவர் என் அண்ணன். தை மாதம் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தது எங்கள் அம்மா. மருந்துக்கடைக்காரன் வீடு என்பதால் எங்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனி மாதம் வந்த ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு அந்த நினைப்பைக் கெடுத்தது.

அதற்கு முன் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். டாக்ரோலிமஸ் மண்ணிலிருந்து வந்தது. 1984-ல் ஜப்பானில் சுகுபா என்ற ஊரின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருள் இது. மருந்தின் பெயரில் உள்ள முதல் எழுத்துகூட அந்த ஊர்ப் பெயரிலிருந்து எடுத்ததுதான். இதைச் சொன்னபோது அண்ணன், "அப்ப இதுவும் சேத்துல வெளைஞ்சதுதானா" என்று கேட்டார். ஆமாம், ஏறக்குறைய அப்படித்தான்.

நம் ரத்தத்தில் டி செல்கள் என்று ஒருவகை வெள்ளணுக்கள் உண்டு. அம்மா கொடுத்த சிறுநீரகமாகவே இருந்தாலும் அவற்றுக்கு அது அந்நியப் பொருள். அந்நியத்தைக் கண்டதும் ஒரு டி செல் மற்ற செல்களைக் கூப்பிட ஒரு ரசாயனச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைத் தயாரிக்க கால்சிநியூரின் என்ற நொதி வேலை செய்ய வேண்டும். டாக்ரோலிமஸ் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. செல் சாகாது, கூப்பாடு மட்டும் கேட்காது. மருந்து ரத்தத்தில் இருக்கும்வரைதான் இந்தக் கட்டு. மருந்து வடிந்தால் கட்டு தளரும். அதனால் இதை நாள் முழுக்க ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் இந்த மருந்து பாதியாகக் குறைய சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு இன்னும் வேகம், சிலருக்கு இன்னும் மெதுவு. சாதாரண மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் பிரித்துக் கொடுப்பது இந்தக் கணக்கில்தான். மாத்திரை போட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு ஏறும். பிறகு மெல்ல மெல்ல இறங்கி, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் மிகக் கீழே இருக்கும். அந்தக் கீழ்ப்புள்ளியை மருத்துவமனைகளில் ட்ரஃப் என்பார்கள். நோயாளிகள் பேச்சில் அது வெறும் ‘லெவல்’.

உச்சத்தை விட்டுவிட்டு ஏன் பள்ளத்தை அளக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரில் பதில் சொல்வது சுலபம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்துக் கடைசி வயல்காரன் நாற்று விடமாட்டான். கடைமடைக்கு வந்ததா என்பதுதான் அவனுக்குக் கணக்கு. பன்னிரண்டாவது மணி நேரத்து ரத்தம் அந்தக் கடைமடை. அங்கே போதுமான மருந்து இருந்தால், அதற்கு முன்னால் இருந்த பதினொரு சொச்சம் மணி நேரமும் போதுமானதாகவே இருந்திருக்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

அறுவை முடிந்து மூன்று மாதம் வரை அண்ணன் திருச்சியில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்தார். அப்போதெல்லாம் நர்ஸே முதலில் ரத்தம் எடுத்துவிட்டு, பிறகுதான் மாத்திரை போடச் சொல்வார். அந்த ஒழுங்கு தன்னால் நடந்துகொண்டிருந்தது. அதனால் அதற்கு ஒரு காரணம் இருப்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. சித்திரையில் ஊருக்கு வந்தோம். காலை 6, மாலை 6 என்று மாத்திரை நேரம். வேளைக்கு 2 மில்லிகிராம், நாளுக்கு 4. அந்தக் கட்டத்தில் லெவல் 6-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது எல்லோருக்கும் ஒரே எண் அல்ல. ஆரம்ப மாதங்களில் கூடுதலாகவும் போகப்போகக் குறைவாகவும் வைப்பார்கள். கூடவே என்ன மருந்து போகிறது, நிராகரிப்பு அபாயம் எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை நானோகிராம் மருந்து என்பதுதான் அந்த எண். அண்ணனுக்கு வந்தவை 7.8, அப்புறம் 7.4. நல்ல லெவல்.

ஆனி மாதப் பரிசோதனையைக் கும்பகோணத்தில் ஒரு லேபில் கொடுத்தோம். லேபில் ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, இரண்டு நாளில் முடிவு சொல்வார்கள். எனக்குக் கடை இருந்ததால் அண்ணன் தனியாகவே போய்வந்தார். முடிவில் 16.9 என்று இருந்தது.

டாக்டர் போனில் கேட்க வேண்டியதைக் கேட்டார். புதிதாக ஏதாவது மருந்து சாப்பிட்டாரா? இல்லை. வயிற்றுப்போக்கு? இல்லை. மாத்திரையை மாற்றிப் போட்டுவிட்டாரா? இல்லை. பிறகு கணக்கு எளிது. இந்த மருந்தில் அளவும் லெவலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நகரும். நாளுக்கு 4 மில்லிகிராமுக்கு 16.9 என்றால், 8-க்குக் கொண்டுவர நாலை எட்டால் பெருக்கி 16.9-ஆல் வகுக்க வேண்டும். 1.9 வருகிறது. ஆக, காலை 1, இரவு 1. கணக்கில் எந்தத் தப்பும் இல்லை.

பத்து நாள் கழித்துத் திருச்சிக்கு ஓ.பி.-க்குப் போனோம். இந்தத் தடவை நானும் போயிருந்தேன். லெவல் 3.6 என்று வந்தது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின், 1.2-ல் நின்றுகொண்டிருந்தது, 1.5 ஆகியிருந்தது. ரத்தம் எடுத்த நர்ஸ்தான் முதலில் பிடித்தார்.

"மாத்திர போடலையே அண்ணே?"

"இல்லம்மா, பையிலதான் இருக்கு. நீங்க திட்டுவீங்கன்னு."

"எப்பவும் இப்படித்தான, குடுத்துட்டுப் போடுவீங்க?"

"இங்க வந்தா இப்படித்தான். போன தடவ கும்பகோணத்துல குடுத்தேன். ஆறு மணிக்கெல்லாம் போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன். நேரம் தவறக் கூடாதுல்ல."

நேரம் தவறக் கூடாது என்று நாங்கள்தான் அவருக்கு நாலு மாதமாகச் சொல்லிவைத்திருந்தோம். வீட்டுக்கு வந்து லேபு ரசீதை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் காலை 8.40 என்று அச்சாகியிருந்தது. நோட்டில் அண்ணி எழுதியிருந்தது 6.00. மாத்திரை போட்டு இரண்டு மணி நாற்பது நிமிஷம் கழித்து எடுத்த ரத்தம் அது. கிட்டத்தட்ட உச்சியில் எடுத்தது. 16.9 என்பது பொய் எண் இல்லை. அந்த நேரத்தில் அவர் ரத்தத்தில் உண்மையாகவே அவ்வளவு மருந்து இருந்தது. ஆனால் நாங்கள் கேட்டது கடைமடையின் அளவு, அளந்து வந்தது தலைமடையில். அவருடைய உண்மையான லெவல் அப்போதும் ஏழரையை ஒட்டித்தான் இருந்திருக்கும். அளவைப் பாதியாக்கியதால் லெவலும் பாதியாகி 3.6-க்கு வந்துவிட்டது.

மறுபடி 2, 2 என்று ஏற்றினார்கள். அளவை மாற்றிய மறுநாளே ரத்தம் எடுத்துப் பயனில்லை. புதிய அளவில் ரத்தம் நிலைபெற இரண்டு மூன்று நாளாவது வேண்டும். ஐந்தாம் நாள் எடுத்தபோது 7.5. கிரியேட்டினின் அன்றைக்கு 1.3, அடுத்த வாரம் 1.2. இறங்காமல் இருந்திருந்தால் பயாப்ஸி என்று சொல்லியிருந்தார்கள்.

பிற்பாடு யோசித்தபோது அந்த 16.9 வந்த அன்றே சந்தேகப்பட ஒரு தடயம் இருந்தது தெரிந்தது. லெவல் நிஜமாகவே பல நாள் அந்த உயரத்தில் இருந்தால் உடம்பு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கை நடுங்கும். டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும், கையெழுத்து கோணும். தலைவலி, தூக்கமின்மை வரும். சர்க்கரை ஏறும், பொட்டாசியம் ஏறும். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களை இந்த மருந்து சுருக்கும் என்பதால் கிரியேட்டினினும் ஏறும். அண்ணனுக்கு அன்றைக்குக் கிரியேட்டினின் அதே 1.2. கை நடுக்கமும் இல்லை. எல்லா அதிக லெவலும் அறிகுறி காட்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உடம்பில் ஒன்றும் தெரியாமல் எண் மட்டும் இரட்டிப்பானால் முதலில் கேட்க வேண்டியது, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

இதில் இன்னொரு சிக்கல். மருந்து அதிகமானாலும் கிரியேட்டினின் ஏறும், குறைந்து நிராகரிப்பு தொடங்கினாலும் கிரியேட்டினின் ஏறும். முதல் காரணத்துக்கு வைத்தியம் மருந்தைக் குறைப்பது, இரண்டாவதற்குக் கூட்டுவது. கிரியேட்டினினை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிக்கும் முதல் துப்பு லெவல்தான். அந்தத் துப்பே தவறான மணியில் எடுத்ததாக இருந்தால் வைத்தியம் எதிர்த்திசையில் போகும். எங்களுக்கு அதுதான் பத்து நாள் நடந்தது.

நேரம் தவறுவதிலும் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ரத்தம் தாமதமாக எடுத்தால் எண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகும் என்ற கணக்கிலேயே பார்ப்போம். பன்னிரண்டாவது மணியில் 8.0 இருந்தவருக்கு, பதினாலரை மணி நேரத்தில் எடுத்தால் 6.9 காட்டும். பதினாறு மணி நேரத்தில் 6.3. நேரத்தைச் சொல்லிவிட்டால் டாக்டர் இதைப் புரிந்துகொண்டு படிப்பார். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் அப்படித் திருத்திப் படிக்க வழியில்லை. உச்சம் எவ்வளவு உயரும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ஆகவே பஸ் தாமதமாகி லேபுக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனாலும் சரி, ரத்தம் கொடுக்கும்வரை மாத்திரை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். கொடுத்த கையோடு, அங்கேயே, பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே விழுங்கிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று மறந்துவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு என் கடையில் வந்து நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு அடிப்படைக் கோளாறே அந்த 6 மணிதான். பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் காலை 6 மணிக்கு எந்த லேபில் போய்க் கையை நீட்டுவது? மாத்திரை நேரத்தை முடிவு செய்யும்போதே லேபு திறக்கும் நேரம், முதல் பஸ், வீட்டில் உலை வைக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டு, மூன்று நாளில் மணிக்கணக்காக நகர்த்தி, காலை 9, இரவு 9 என்று மாற்றினோம். லேபுக்கு எட்டரைக்குப் போய் உட்கார்ந்தால் ஒன்பதுக்கு ரத்தம், உடனே மாத்திரை.

ஒன்பது என்று வைத்ததற்குச் சாப்பாடும் ஒரு காரணம்.

வெறும் வயிற்றில் இந்த மருந்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு போனால் குறைவாகவும் மெதுவாகவும் போகும். ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவோடு கொடுத்தபோது ரத்தத்துக்கு வந்த மொத்த மருந்து 37 சதவீதம் குறைந்தது, உச்சம் 77 சதவீதம் குறைந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவோடு மொத்தம் 28 சதவீதமும் உச்சம் 65 சதவீதமும் குறைந்தன. நம் சாப்பாடு இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் வரும். சோறு, இட்லி, தோசை என்று எதை எடுத்தாலும் மாவுச்சத்துதான். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் போட்டாலும் உச்சம் பாதிக்குமேல் குறைந்தே இருந்தது. அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மூன்று மணி நேரம் பின்பு என்று சொல்கிறார்கள்.

சாப்பாட்டோடு போடுவதே குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. வயிறு ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் ஏதாவது சாப்பிட்டுவிட்டே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதுமே அப்படி என்றால், அந்தக் குறைவான உறிஞ்சலை வைத்தே டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். தொல்லை எங்கே வரும் என்றால், இன்றைக்கு வெறும் வயிறு, நாளைக்குச் சோற்றோடு, மறுநாள் இரண்டுக்கும் நடுவில் என்று மாறும்போதுதான். மில்லிகிராம் மாறாமல் மருந்து மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

அண்ணன் வீட்டில் நடந்தது இதுதான். காலை 6 மணி மாத்திரை வெறும் வயிறு. அதில் குழப்பமில்லை. மாலை 6 மணி மாத்திரைதான் ஆடும். நடவு நாளில் ஐந்தரைக்கு வயலிலிருந்து பசியோடு வந்து மிஞ்சிய மத்தியானச் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார், உடனே மாத்திரை நேரம் வந்துவிடும். மழை நாளில் நாலு மணிக்கே பஜ்ஜி. அமாவாசை என்றால் கதையே வேறு. காலையில் ஒன்றும் கிடையாது, மத்தியானச் சாப்பாடே ஒன்றரை இரண்டு மணிக்கு, ராத்திரி பலகாரம் ஏழுக்கோ எட்டுக்கோ. இப்போது காலை ஆறரைக்கு இட்லி, ஒன்பதுக்கு வரப்பில் நின்றபடி மாத்திரை, பத்துக்கு மேல்தான் மற்றதெல்லாம். ராத்திரிச் சாப்பாடு ஏழுக்குள், ஒன்பதுக்கு மாத்திரை, படுக்கை. வயல்காட்டில் ஒன்பது மணி நினைவு வராது என்பதால் போனில் அலாரம். அமாவாசை அன்றும் ஒன்பது மணி ஒன்பது மணிதான், வெறும் வயிறாகவே இருக்கிறது, தண்ணீரோடு போட்டுக்கொள்ள வேண்டியது. இதை அம்மாவிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கத்தான் கொஞ்சம் நேரமானது. நாகூர் பக்கத்திலிருந்து வரும் ஒருவருக்கு ரம்ஜான் நோன்பில் பன்னிரண்டு மணி நேர இடைவெளியே சரிப்பட்டு வரவில்லை. நோன்பு நேரத்தில் தண்ணீரும் குறையும் என்பதால் இதெல்லாம் மாதம் பிறப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

சாப்பாட்டு விஷயத்தில் லெவல் பரிசோதனைக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு, சொல்லிவிடுகிறேன். காலையில் எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் முந்தின இரவு மாத்திரையின் கதையைத்தான் சொல்லும். காலை மாத்திரையைத் தினமும் பொங்கல் வடையோடு போடுகிறவரை அது அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. அதோடு, சாப்பாட்டோடு போன மருந்து தாமதமாக உறிஞ்சப்படுவதால் உச்சம் தாழ்ந்து வளைவே தட்டையாகிவிடும். கடைமடையில் அளவு சுமாராகத் தெரியும், ஆனால் மொத்தமாக உள்ளே வந்தது குறைவாக இருக்கும். எண் நன்றாக வந்துவிட்டது என்பதால் சாப்பாட்டு நேரம் எப்படியும் இருக்கலாம் என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இது காரணம்.

ஏற்ற இறக்கத்துக்கே தனிக் கணக்கு உண்டு. ஒருவருக்கு மூன்று மாத லெவல் 7, 8, 7. இன்னொருவருக்கு 4, 12, 6. சராசரி இருவருக்கும் ஏழே காலுக்குப் பக்கம்தான். ஆனால் இரண்டாமவரின் சிறுநீரகம் நீண்ட காலத்தில் அதிக ஆபத்தில் இருக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறையும் நாட்களில் டி செல்கள் விழித்துக்கொண்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்கு எதிரான எதிர்பொருட்கள் உருவாக வழி கிடைக்கிறது. கூடும் நாட்களில் மருந்தே சிறுநீரகத்தைத் தேய்க்கிறது. ஒரு தனி எண்ணைவிட நோட்டில் வரிசையாக எழுதிய எண்களைப் பார்த்தால்தான் இது தெரியும்.

வெயிட்டிங் ஹாலில் நடக்கும் ஒப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உங்களுக்கு எத்தனை மில்லி? எனக்கு ரெண்டுதான்" என்று பேசிக்கொள்வார்கள். மில்லிகிராமை ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை. குடலிலும் ஈரலிலும் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. அவற்றில் ஒன்று சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது. செய்கிறவர்களுக்கு அதே லெவலுக்கு ஒன்றரை இரண்டு மடங்கு அளவு தேவைப்படும். ஆறு மில்லிகிராம் போடுகிறவர் நோய் முற்றியவரும் இல்லை, இரண்டு போடுகிறவர் குணமானவரும் இல்லை.

அதே நொதிகளைத் தொடும் பிற மருந்துகள்தான் என் கடைக் கவுண்டரில் நான் பயப்படுவது. எங்கள் பக்கம் சேற்றிலும் வேர்வையிலும் நிற்பவர்களுக்குப் படர்தாமரை சகஜம். ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் என்று யாரோ எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டோடு வருவார்கள். இவை அந்த நொதிகளைத் தடுப்பதால் டாக்ரோ சிதையாமல் தேங்கி லெவல் எகிறும். கிளாரித்ரோமைசினும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர், நொதியைத் தூண்டிவிட்டு லெவலைப் பாதாளத்துக்குத் தள்ளும். இவற்றைத் தொடவே கூடாது என்பதில்லை. மாற்று அறுவை டாக்டருக்குத் தெரிந்து, அளவை மாற்றி, லெவல் பார்த்துக்கொண்டு கொடுக்கலாம். பழங்களில் பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் குடல் நொதியை முடக்கும். முடக்கம் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும் என்பதால் மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டேன் என்ற சமாதானம் செல்லாது. சாத்துக்குடி அந்தக் கணக்கில் வராது.

வயிற்றுப்போக்கு பலரை ஏமாற்றும். மருந்து வெளியே போய்விடும், லெவல் குறையும் என்றுதான் தோன்றும். டாக்ரோவில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். குடல் சுவரில் மருந்தைச் சிதைத்தும் திருப்பித் தள்ளியும் கொண்டிருந்த காவல் போக்கினால் கெட்டுப்போக, வழக்கமாக உள்ளே வராத மருந்தும் ரத்தத்துக்கு வந்துவிடும். அதோடு நீர்ச்சத்தும் குறைந்து சிறுநீரகம் இரட்டை அடி வாங்கும். இரண்டு நாள் போக்கு என்றால் போன் செய்து லெவல் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும்.

மறந்துபோன மாத்திரைக்கு வழக்கமான விதி இது. சில மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே போடலாம், அடுத்த வேளையை அதன் நேரத்திலேயே போட வேண்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே வாயில் போடக் கூடாது. எத்தனை மணி நேரம் வரை ‘உடனே’ என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கணக்கில் சொல்லும், கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. விட்டுப்போன வேளையை மறைக்கவும் கூடாது. அந்த வாரம் லெவல் எடுத்திருந்தால் டாக்டருக்கு அது தெரியாமல் எண்ணைப் படிக்க முடியாது.

கடைக்காரனாக இன்னும் இரண்டு. நாளுக்கு ஒரு வேளை போடும், மெதுவாகக் கரையும் டாக்ரோ மாத்திரையும் உண்டு. இரண்டும் ஒரே பெயர், ஒரே மில்லிகிராம் என்று மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு கம்பெனி மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் டாக்டருக்குச் சொல்லி, மாறியபின் ஒரு லெவல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டாக் இல்லை, இது அதேதான்’ என்று சொல்லும் வழக்கத்தை இந்த ஒரு மருந்தில் நான் விட்டுவிட்டேன். பத்து நாளுக்கு முன்பே சொல்லுங்கள், அதையே வரவழைத்துத் தருகிறேன் என்கிறேன். லேபையும் முடிந்தவரை மாற்றாமல் இருப்பது நல்லது. அளக்கும் முறைகள் வேறுவேறு. சில முறைகள் மருந்தின் சிதைவுப் பொருட்களையும் சேர்த்து எண்ணிக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஒரு லேபின் 8-ஐ இன்னொரு லேபின் 7-உடன் வைத்துப் பார்த்து ஏறியது இறங்கியது என்று சொல்ல முடியாது.

போன செவ்வாய்க்கிழமை அண்ணனோடு கும்பகோணம் போயிருந்தேன். லேபில் எட்டு ஐம்பதுக்கே கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை, "பத்து நிமிஷம் இருக்கு தம்பி, அடுத்த ஆள எடுங்க" என்றார். ஊசி போடும் பையன் சிரித்துக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டான். பத்து நிமிஷத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஒன்பதுக்கு ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி எடுத்தார்கள். மருந்தில் பெரும்பங்கு சிவப்பணுக்களில்தான் ஒட்டியிருக்கும் என்பதால் இதை முழு ரத்தமாகவே அனுப்ப வேண்டும், உறைய விடக் கூடாது. லேபிளில் பெயர், வயது எழுதிவிட்டுப் பையன் பேனாவை மூடப் போனான். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"டயம் எழுதலியே."

எழுதினான்: கடைசி மாத்திரை இரவு 9.00, ரத்தம் காலை 9.02. அண்ணன் சட்டைப்பையிலிருந்து மாத்திரையையும், இடுப்பிலிருந்த பாட்டிலையும் எடுத்தார்.